மணப்பாறையிலிருந்து தஞ்சைப் பெரிய கோவிலுக்கு: பள்ளிச் சுற்றுலா நேரக் கணக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 88 பேர், ஆசிரியர்கள் 8 பேர், இரண்டு பள்ளி வண்டிகள். ஜனவரியில் ஒரு வேலை நாள். காலையில் பெரிய கோவில், மதியம் அரண்மனை, இரவுக்குள் வீடு. பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, சில வருடங்களாக இந்த வேலையைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

தூரம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. காரில் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். நீங்கள் ஏன் இரண்டரை மணி நேரம் போடுகிறீர்கள்?

கார் வேறு, பள்ளி வண்டி வேறு. பள்ளிப் பேருந்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போக விடாது. நான்குவழிச் சாலையில் கார்கள் 90-இல் பறக்கும்போது நம் வண்டி இடது ஓரத்தில் 55-இல் போய்க்கொண்டிருக்கும். கூகுள் மேப் சொல்வது அந்தக் கார்களின் நேரம்.

இன்னொன்று, மொத்தத் தூரத்தை ஒரே சராசரி வேகத்தால் வகுத்தால் எங்கே நேரம் போகிறது என்பது தெரியாமல் போய்விடும். அதனால் பாதையை மூன்று துண்டாக்கிக்கொள்வேன். மணப்பாறையிலிருந்து திருச்சி எல்லைவரை சுமார் 38 கிலோமீட்டர், நல்ல சாலை, 45 நிமிடம். அங்கிருந்து மன்னார்புரம், பால்பண்ணை, அரியமங்கலம், திருவெறும்பூர் வழியாகத் துவாக்குடி தாண்டுவது சுமார் 20 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்கும் 45 நிமிடம். துவாக்குடியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 37 கிலோமீட்டர், மறுபடி 45 நிமிடம். தஞ்சாவூருக்குள் நுழைந்து கோவிலுக்கு எதிரே வண்டியை நிறுத்த இன்னும் 15. கூட்டினால் இரண்டரை மணி நேரம்.

நடுத்துண்டைக் கவனியுங்கள். தூரத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் திட்டத்தைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் அந்த 20 கிலோமீட்டர்தான்.

சரி, புறப்படும் நேரம் எப்படி வந்தது? 6:15 என்றால் பிள்ளைகள் நாலரைக்கே எழுந்திருக்க வேண்டுமே.

மணப்பாறையிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது, கோவில் கதவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பெரிய கோவில் மதியம் 12:30-க்கு நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறக்கும். இந்த ஒரு நேரம்தான் நம் கையில் இல்லாதது. மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு உள்ளே இரண்டு மணி நேரமாவது வேண்டும். நடை சாத்தும் நேரத்தில் காவலர் விரட்ட, தலை எண்ணக்கூட முடியாமல் வெளியே வருவது எனக்குப் பிடிக்காது. அதனால் 12 மணிக்கு நாங்கள் வெளியே இருக்க வேண்டும். இரண்டேகால் மணி நேரம் பின்னால் போனால், கோவில் வாசலுக்கு வந்து சேர வேண்டிய கடைசி நேரம் 9:45. அதிலிருந்து பயணம் இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் 7:15. வழியில் கழிப்பறை, சிற்றுண்டிக்கு அரை மணி நேரம் கழித்தால் 6:45. தாமதத்துக்கென்று ஒதுக்கும் உபரி நேரம் அரை மணி. அதையும் கழித்தால் 6:15.

தாமதமே இல்லாவிட்டால் 9:15-க்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். அந்த அரை மணி வீணாகாது. வெயில் ஏறுவதற்கு முன் நந்தி மண்டபத்தில் உட்கார்ந்து விமானத்தை வரையச் சொல்லலாம்.

அரை மணி நேரம் தள்ளி 6:45-க்குக் கிளம்பினால் என்ன? அரை மணி நேரம் தாமதமாகப் போவோம், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. 6:15-க்குக் கிளம்பினால் திருச்சி எல்லையில் 7 மணிக்கு நுழைந்து 7:45-க்குத் துவாக்குடி தாண்டிவிடுவோம். 6:45-க்குக் கிளம்பினால் 7:30-க்கு நுழைந்து, திருவெறும்பூர் பக்கம் எட்டு மணி வாக்கில் இருப்போம். பெல் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், கல்லூரி வண்டிகள், மற்ற பள்ளிகளின் வண்டிகள் எல்லாம் அந்தச் சாலையில் கூடும் நேரம் அது. பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் நடுவே உள்ளூர் இருசக்கர வண்டிகளும் தஞ்சாவூர் பேருந்துகளும் ஒரே சாலையைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 45 நிமிடத் துண்டு 70 நிமிடமாவதை நானே பார்த்திருக்கிறேன். அரை மணி தாமதமாகக் கிளம்பியவன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவான். ஒதுக்கி வைத்த உபரி நேரம் மொத்தமும் அங்கேயே கரைந்து, அதற்கு மேலும் போகும்.

கூகுள் மேப்பில் பாதையைப் போட்டுவிட்டு, புறப்படும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். சுற்றுலா போகும் அதே கிழமையில், 6:15-க்கு ஒரு முறை, 6:45-க்கு ஒரு முறை, 7:15-க்கு ஒரு முறை. அது காட்டும் மொத்த நேரம் நம் வண்டிக்குப் பொருந்தாது. ஆனால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பொருந்தும்.

காலை உணவைத் திருச்சிக்கு முன்னால் நல்ல ஹோட்டலில் முடித்துக்கொள்ளலாமே? பிள்ளைகள் பசியோடு இருக்கும்.

இரண்டு காரணத்துக்காக வேண்டாம். முதலாவது, நெரிசல் இடத்துக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் விலை கூடிய நிமிடம். திருச்சிக்கு முன் அரை மணி நிற்பதும் அரை மணி தாமதமாகக் கிளம்புவதும் ஒன்றுதான். துவாக்குடியைத் தாண்டிவிட்டு நின்றால் அரை மணி என்பது அரை மணியாகவே இருக்கும். அதனால் நிறுத்தம் துவாக்குடிக்கு அப்பால், 7:45 வாக்கில்.

இரண்டாவது, ஹோட்டல். ஒரு வருடம் இந்தத் தப்பைச் செய்தோம். முன்கூட்டிச் சொல்லாமல் சாலையோர ஹோட்டல் ஒன்றில் இறங்கினோம். இட்லி முப்பது பேரோடு தீர்ந்துவிட்டது. மீதிப் பேருக்குத் தோசை. மாஸ்டர் பாவம், ஒரே ஆள், ஒரே கல். ஒரு ஈட்டுக்கு ஆறு தோசை, வெந்து எடுக்க நான்கு நிமிடம். அறுபத்தாறு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 132 தோசை, 22 ஈடு, 88 நிமிடம். பாதிப் பேருக்கு ஒரு தோசையோடு போதும் என்று சொல்லியும் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கடைசியாகச் சாப்பிட்டது டிரைவர்கள். நியாயமாக அவர்கள்தான் முதலில் சாப்பிட்டிருக்க வேண்டும்.

இப்போது வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரச் சொல்கிறோம். இட்லி, சப்பாத்தி, எலுமிச்சைச் சாதம், எதுவானாலும் சரி, குழம்பு மட்டும் வேண்டாம். வண்டிக்குள் கொட்டினால் அதைத் துடைக்க ஒரு பத்து நிமிடம். கிளம்பும்போது வெறும் வயிறாக இல்லாமல் பிஸ்கட்டும் பாலும் குடித்துவிட்டு வந்தால் 7:45 வரை தாங்கும்.

சாப்பாடு கையில் இருக்கும்போது நிறுத்தத்துக்கு எதற்கு அரை மணி? பத்து நிமிடம் போதாதா?

கழிப்பறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளில் பெண்கள் 44 பேர். பெட்ரோல் பங்க்கிலோ உணவகத்திலோ பெண்களுக்கு நல்ல நிலையில் நான்கு கழிப்பறை இருந்தால் அதிகம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் பதினொரு சுற்று, 33 நிமிடம். இரண்டே கழிப்பறை இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆண் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே நின்று “இன்னுமா?” என்று கத்துவார்கள். திட்டம் போடுகிறவர் ஆணாக இருந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் விட்டுப்போகிறது. எனக்கும் அப்படித்தான் விட்டுப்போனது, ஒரு டீச்சர் காகிதத்தில் எழுதிக் காட்டும்வரை.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, இரண்டு வண்டியையும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் இருப்பது. ஒவ்வொரு வண்டியிலும் 22 பெண்கள். இரண்டு கழிப்பறை உள்ள இடம் கிடைத்தால்கூட ஏறத்தாழ அரை மணியில் முடியும். முந்தைய வாரமே ஒரு ஆசிரியர் அந்தப் பக்கம் போகும்போது இறங்கி, எத்தனை இருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

அப்புறம் ஏறி இறங்கும் நேரம். ஒரே கதவு, 48 பேர், ஆளுக்கு நான்கைந்து நொடி என்றாலும் இறங்க நான்கு நிமிடம், ஏற நான்கு நிமிடம். தலை எண்ண இன்னும் இரண்டு. அதாவது, ‘சும்மா ஒரு நிமிடம்’ நிறுத்துவதற்கே பத்து நிமிடம் ஆகும். எண்ணுவதற்கு விரலை நீட்டி எண்ணாதீர்கள், பாதியில் ஒருவன் இடம் மாறி உட்காருவான். பிள்ளைகளுக்கு வரிசை எண் கொடுத்து அவர்களையே சொல்லச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும். விட்டுப்போன எண் யாருடையது என்பதும் உடனே தெரியும்.

உபரி நேரம் ஏன் சரியாக அரை மணி? பயண நேரத்தில் இத்தனை சதவீதம் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இரண்டரை மணி நேரத்தில் அரை மணி என்பது 20 சதவீதம். ஆனால் நான் சதவீதத்தால் அதை முடிவு செய்வதில்லை. டயர் பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்ற முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். பயணம் 20 கிலோமீட்டரா, 200 கிலோமீட்டரா என்பது டயருக்குத் தெரியாது. பக்கத்து ஊருக்குப் போகிறோம், ஐந்து நிமிடம் போதும் என்று சதவீதக் கணக்குப் போட்டால் ஒரு பஞ்சரில் எல்லாம் போய்விடும்.

நான் தாமதத்தை இரண்டாகப் பிரிக்கிறேன். எப்போதும் நடப்பவை: சுங்கச் சாவடி வரிசை, துவாக்குடி நெரிசல், ஒரு பிள்ளை வாந்தி எடுப்பது. இவை பயண நேரத்துக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். எப்போதாவது நடப்பவை: பஞ்சர், முன்னால் ஒரு விபத்து, போக்குவரத்து மாற்றம். உபரி நேரம் இவற்றுக்கு மட்டும். முதல் வகைக்கு உபரி நேரத்தைச் செலவழித்துவிட்டால், இரண்டாம் வகை வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

முக்கியமாக, புறப்படும் தாமதம் அதைத் தொடக் கூடாது. அதற்காகத்தான் பள்ளியில் வந்து சேரும் நேரம் 5:45, வண்டி நகரும் நேரம் 6:15 என்று இரண்டு நேரங்களைத் தனித்தனியாகச் சொல்கிறோம்.

ஒரு பிள்ளை வரவில்லை என்றால் காத்திருப்பீர்களா?

6:15 வரை. அதற்குப் பிறகு இரண்டாவது வண்டி மட்டும் பத்து நிமிடம் நிற்கும், முதல் வண்டி போய்விடும். அதற்குள்ளும் வராவிட்டால் அதுவும் கிளம்பிவிடும். ஒரு அப்பா பைக்கில் மகளை ஏற்றிக்கொண்டு பைபாஸ்வரை துரத்தி வந்து ஏற்றிவிட்டார். அது நல்லதல்ல, பனி மூட்டத்தில் அப்படி ஓட்டக் கூடாது. இப்போது ஐந்து மணிக்கே வகுப்பாசிரியர் எல்லா வீட்டுக்கும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுகிறார்.

“5 மணிக்கு வாருங்கள் என்று பொய் சொன்னால் சரியாக வருவார்கள்” என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரு வருடம் பலிக்கும். அடுத்த வருடம், “இவர்கள் ஐந்து என்றால் ஆறு” என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நடு வழியில் பெரிய தாமதம் வந்துவிட்டால்? அப்போது யார் முடிவு செய்வது?

அப்போது முடிவு செய்யவே கூடாது, முன்பே செய்துவைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு டயர்.

செங்கிப்பட்டிக்கு முன்னால் இரண்டாவது வண்டியில் பின்பக்க டயர் போனது. ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கி இல்லை. முந்தைய வாரம் வேறு வண்டிக்கு எடுத்தவர்கள் திருப்பி வைக்கவில்லை. அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் ஜாக்கி கொடுத்து உதவினார். எல்லாம் முடிய ஒன்றேகால் மணி நேரம். இதற்கிடையில் முதல் வண்டி எங்களுக்காக இருபது நிமிடம் நின்றது, பிறகு போனது, போனில் பேசி மறுபடி ஓரமாக நின்றது. கடைசியில் முதல் வண்டிப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் வீண், இரண்டாவது வண்டிப் பிள்ளைகள் கோவிலுக்குள் இருந்ததோ ஐம்பது நிமிடம். நந்தியையும் விமானத்தையும் பார்த்தார்கள். கல்வெட்டுகளுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இப்போது காகிதத்தில் மூன்று வரி எழுதி, இரண்டு வண்டிப் பொறுப்பாசிரியரிடமும் கொடுத்துவிடுகிறோம். ஒரு வண்டி நின்றால் மற்றது நிற்காது, கோவிலில் சந்திக்கலாம். துவாக்குடியை 8:30-க்குள் தாண்டாவிட்டால் நிறுத்தம் பதினைந்து நிமிடம்தான், சாப்பாடு ஓடும் வண்டியிலேயே. கோவில் வாசலுக்கு 11 மணிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் முதலில் அரண்மனை, கோவில் 4 மணிக்கு நடை திறந்த பிறகு. பெற்றோருக்கு அப்போதே இரவு 9 மணி என்று செய்தி போய்விட வேண்டும்.

முந்தைய நாள் மாலை ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் ஒரு ஆசிரியர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். “எல்லாம் இருக்கு சார்” என்ற பதிலை ஏற்பதில்லை.

கோவிலுக்குள் இரண்டேகால் மணி நேரம் எதற்கு? சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதுமே.

இரண்டு பேர் போனால் போதும். 96 பேருக்குச் செருப்பு விடுவதற்கே கால் மணி நேரம் ஆகும். காலணிக் காப்பகத்தில் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, திரும்பும்போது மறுபடி வரிசை. வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தால் மதியம் தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஓட வேண்டும். நாங்கள் நான்கு கோணிப்பை கொண்டுபோகிறோம். 22 பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பை, வாசல்வரை செருப்போடு வந்து, பையில் போட்டு, நான்கே டோக்கன்.

உள்ளே நான்கு குழுவும் ஒரே இடத்தில் நின்றால் பின்னால் நிற்பவனுக்கு எதுவும் காதில் விழாது. ஒரு குழு நந்தி மண்டபம், ஒன்று விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டு, ஒன்று திருச்சுற்று மாளிகை, ஒன்று கேரளாந்தகன், ராசராசன் திருவாயில்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறினால் 80 நிமிடம். தரிசன வரிசைக்கு அரை மணி. செருப்பும் எண்ணிக்கையும் மீதியை விழுங்கிவிடும். பதினொன்றரைக்கு மேல் கல்தரை சுடத் தொடங்கும். திருச்சுற்று மாளிகை நிழல், அதனால் குழுக்களைச் சுழற்றும்போது சின்னப் பிள்ளைகளுக்குக் கடைசி இடமாக அது அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரதோஷ நாளில் போகலாமா?

காலையில் போவதானால் பெரிய பாதிப்பு இல்லை. நந்தி அபிஷேகக் கூட்டம் மாலையில்தான். ஆனால், தாமதமானால் 4 மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற மாற்றுத் திட்டம் அன்றைக்குச் செல்லாது. ஐப்பசியில் சதய விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரமும் யோசிக்க வேண்டியது, விடிவதற்கு முன் பழனி பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரம் நடந்து வருவார்கள், டிரைவர் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியே கல்லணையையும் சேர்த்துக்கொள்ளலாமா? திரும்பும் வழிதானே?

அரண்மனையை விட்டுவிட்டால் சேர்க்கலாம். இரண்டும் வேண்டும் என்றால் முடியாது. தஞ்சாவூரிலிருந்து கல்லணை சுமார் 45 கிலோமீட்டர், ஊர்களுக்குள் புகுந்து போகும் சாலை, ஒன்றரை மணி நேரம். மதியம் 1:15-க்குக் கிளம்பினால் 2:45. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 3:45-க்குக் கிளம்பினால் திருச்சி வழியாக மணப்பாறை சுமார் 60 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், உபரி அரை மணி. 6:15-க்கு வந்துவிடலாம்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். பிப்ரவரியில் போனால் அணையைப் பார்க்கலாம், தண்ணீரைப் பார்ப்பது சந்தேகம். தண்ணீர் இருக்கும் காலத்தில் போனால் படித்துறைப் பக்கம் யாரும் இறங்காமல் பார்க்க இரண்டு ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும்.

எத்தனை மணிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வரட்டும்?

அரண்மனைத் திட்டமானால் 7 மணிக்கு. கணக்கு இது: 3:15-க்குத் தஞ்சாவூரில் கிளம்பி 4:15-க்குத் துவாக்குடி, அங்கே 25 நிமிடம், மாலை நெரிசலில் திருச்சியைக் கடக்க ஒரு மணி நேரம், பிறகு 45 நிமிடம். 6:25 ஆகிறது. அதோடு அரை மணி உபரி.

காலை உபரி நேரமும் மாலை உபரி நேரமும் ஒன்றல்ல. காலையில் முன்னதாகப் போய்விட்டால் லாபம். மாலையில் முன்னதாக வந்தால் பிள்ளை இருட்டில் பள்ளி வாசலில் நிற்கும். அதனால் 7 மணி என்று சொல்லிவிட்டு, திருச்சியைத் தாண்டியதும் “முக்கால் மணி நேரத்தில் வருகிறோம்” என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு செய்தி போடுவோம். அதற்கு முன் “எங்கே வருகிறீர்கள்?” என்று பொறுப்பாசிரியருக்குப் போன் செய்யாதீர்கள். 88 வீட்டிலிருந்தும் போன் வந்தால், டிரைவர் கூப்பிடும்போது லைன் கிடைக்காது.